பெற்றோரால் செய்ய முடிந்ததை மட்டும் கேட்கும் சுற்றறிக்கை

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பையைத் திறந்தால் மதிப்பெண் அட்டையோடு நான்காக மடித்த இன்னொரு தாளும் இருக்கும். விடுமுறை வீட்டுப்பாடம் பற்றிப் பள்ளி பெற்றோருக்கு எழுதிய சுற்றறிக்கை அது. இப்போது பல பள்ளிகள் தாளில் தருவதில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாகப் போட்டுவிடுகின்றன. எப்படி வந்தாலும், அடுத்த ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் குழந்தையும் எந்த விஷயத்துக்காக முகம் சுளிக்கப் போகிறார்கள் என்பதைப் பெரும்பாலும் அந்த ஒரு பக்கமே தீர்மானித்துவிடுகிறது.

அதில் வழக்கமாக என்ன இருக்கும் என்பது பெற்றோருக்குத் தெரியும். தமிழ் கையெழுத்துப் பயிற்சி தினமும் ஒரு பக்கம், ஆங்கிலம் நாலு கோடு நோட்டில் தினமும் ஒரு பக்கம், கணக்கு கட்டம் போட்ட நோட்டில் தினமும் ஒரு பக்கம். அதற்கு மேல் போக்குவரத்து வாகனங்கள் பற்றி ஒரு சார்ட், பழங்கள் பற்றி ஒரு ஸ்கிராப் புக், வீடு அல்லது கிணறு மாதிரி ஒரு மாடல். கடைசி வரியில், பள்ளி திறக்கும் நாளில் தவறாமல் கொண்டுவர வேண்டும் என்று இருக்கும்.

இதை எழுதியவர் ஒரு நாளைக்கு மூன்று பக்கம்தானே என்று நினைத்திருப்பார். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது. முப்பது நாளைக்கு மூன்று நோட்டில் 90 பக்கம். ஆறு வயதுக் குழந்தை ஒரு பக்கத்தை எழுதி முடிக்க, பென்சில் சீவுவது, அழிப்பது, தண்ணீர் குடிக்க எழுந்து போவது எல்லாம் சேர்த்து 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,800 நிமிடம், அதாவது 30 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் வருகிறது. ஆனால் விடுமுறையில் முப்பது நாளும் எந்தக் குடும்பத்துக்கும் கையில் கிடைப்பதில்லை. பாட்டி வீட்டில் ஒரு வாரம், ஒரு கல்யாணம், ஒரு கோயில் திருவிழா, நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் என்று போனால் மிஞ்சுவது 18 நாள்தான். அதே 1,800 நிமிடத்தை 18 நாளில் அடைத்தால் ஒரு நாளைக்கு 100 நிமிடம். சார்ட்டும் மாடலும் இன்னும் கணக்கில் சேரவே இல்லை.

நூறு நிமிடம் உட்கார்ந்து எழுதுவது பெரியவர்களுக்கே சிரமம். குழந்தையின் மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாகி, கடைசி எலும்பும் உருவாகப் பத்துப் பன்னிரண்டு வயதுகூட ஆகலாம். விரல்களின் சிறு தசைகளும் அந்த வயதில் இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் ஐந்தாறு வயதுக் குழந்தை எழுதும்போது பென்சிலை முஷ்டியாகப் பிடிக்கிறது, தாள் கிழியும் அளவுக்கு அழுத்துகிறது, பாதிப் பக்கத்தில் கையை உதறுகிறது. இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கை வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத குழந்தை அதை அப்படித்தான் காட்டும்.

மே கடைசி வாரத்தில் இந்தக் கணக்கு முழுவதும் பெற்றோர் தலையில் இறங்குகிறது. ஸ்டேஷனரி கடைகளில் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் வேகமாகத் தீர்கின்றன. ஜெராக்ஸ் கடையில் போக்குவரத்து வாகனங்கள் என்று சொன்னாலே கலர் பிரிண்ட் எடுத்து நீட்டுகிறார்கள். சில கடைகளில் மாடலே செய்து விற்கிறார்கள். வீட்டில் அப்பா வெட்ட, அம்மா ஒட்ட, குழந்தை பக்கத்தில் தூங்கிவிடும். எழுத வேண்டிய நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத்து திடீரென்று அழகாகி, ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் நேராக ஓடும். ஒன்றாம் வகுப்பு மிஸ்ஸுக்கு அது யாருடைய கையெழுத்து என்று பார்த்த உடனே தெரியும். தெரிந்தும் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டு ஸ்டார் ஒட்டுவார். முப்பத்தைந்து நோட்டுகளைத் திருப்பி அனுப்பி யாரிடம் சண்டை போட முடியும்? தான் செய்யாததற்கு ஸ்டார் கிடைக்கும் என்பதை அந்தக் குழந்தை இங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறது. இந்தப் பழக்கத்தின் பெரிய சேதம் இதுதான்.

சின்னக் குழந்தைகளுக்கு எழுத்து வேலை கொடுத்து அனுப்பக் கூடாது என்பது இந்தியாவில் புதிய கருத்து அல்ல. எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-இல், குழந்தைகள் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார். அதன் தொடர்ச்சியாகப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1993-இல் சுமையில்லாக் கற்றல் என்ற அறிக்கையைத் தந்தது. தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், குழந்தை தன் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் தானே ஆராய்ந்து பார்ப்பதற்கு மட்டும் விதிவிலக்குத் தரலாம் என்று அந்த அறிக்கை பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2018 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். கிருபாகரன் ஒரு பொதுநல வழக்கில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டார். மத்திய கல்வித் துறையின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கையும் இதையே சொல்கிறது. இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம்.

அந்தக் கொள்கையில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு பகுதி உண்டு. சின்ன வகுப்புகளுக்கு வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்றும் அது சொல்கிறது. சாயங்காலம் எப்படிப் போனது, என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் குழந்தையைப் பேச வைக்கலாம் என்கிறது. பள்ளி நடக்கும் நாட்களுக்கே இதுதான் வழி என்றால், விடுமுறைக்கு மட்டும் 90 பக்கம் எழுதச் சொல்லும் சுற்றறிக்கை எந்த நியாயத்தில் வருகிறது என்று கேட்கப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது.

எல்லாச் சுற்றறிக்கைகளும் அப்படி இல்லை. 2018-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னை அன்னை வயலட் மெட்ரிகுலேஷன் பள்ளியின் பெயரில் பெற்றோருக்கான விடுமுறைப் பாடம் ஒன்று வாட்ஸ்அப்பில் நாடு முழுவதும் சுற்றியது. தினமும் இரண்டு வேளையாவது குழந்தையோடு சேர்ந்து சாப்பிடுங்கள், சாப்பிட்ட தட்டை அவர்களே கழுவட்டும், சமையலில் கூடமாட உதவட்டும், பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பழகட்டும், தாத்தா பாட்டியோடு இருக்கட்டும், நீங்கள் வேலை செய்யும் இடத்தைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், உள்ளூர்ச் சந்தையைக் காட்டுங்கள், தோட்டம் போடுங்கள், விழுந்து அழுக்காகி விளையாட விடுங்கள், செல்போனையும் டிவியையும் தள்ளி வையுங்கள், சிப்ஸும் குளிர்பானமும் வேண்டாம் என்று அது நீண்டது. படித்தவர்கள் மனம் நெகிழ்ந்து அடுத்தவருக்கு அனுப்பினார்கள். நெகிழ்ந்ததில் தவறில்லை. நோட்டுப் புத்தகத்திலிருந்து குழந்தையை எடுத்து வீட்டுக்குள்ளும் தெருவுக்குள்ளும் விட்டது அந்தத் தாள். யஷ்பால் குழு சொன்ன விதிவிலக்குக்கு மிக அருகில் வந்த விடுமுறைப் பாடம் என்றே அதைச் சொல்லலாம்.

ஆனால் அதை ஒரு பெற்றோரின் மே மாதத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் அம்மா, குழந்தையை வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போக முடியாது, கேட்டில் விடமாட்டார்கள். டெலிவரி வேலை செய்யும் அப்பா மதியமும் இரவும் வீட்டில் சாப்பிடுவதே இல்லை. மாடி வீட்டு வாடகைக் குடித்தனத்தில் தோட்டம் போட இடம் இல்லை. தாத்தா பாட்டி இல்லாத குழந்தையும் உண்டு, இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத வீடும் உண்டு. இருபது நல்ல காரியங்களில் பன்னிரண்டைச் செய்ய முடியாத ஒரு தாய், செய்த எட்டை நினைக்க மாட்டாள். தான் நல்ல அம்மா இல்லை என்று நினைப்பாள். 90 பக்கச் சுற்றறிக்கை குழந்தையின் கையை வலிக்க வைத்தது என்றால், இந்த வகைச் சுற்றறிக்கை அம்மாவின் மனத்தை வலிக்க வைக்கும்.

சீனாவில் 2021 ஜூலையில் வந்த அரசு உத்தரவு இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்றதோடு நிற்காமல், பெற்றோருக்கு வேலை கொடுப்பதும், வீட்டுப்பாடத்தைத் திருத்தச் சொல்லிப் பெற்றோரைக் கேட்பதும் கூடாது என்றது. வீட்டுப்பாடம் சந்தடியில்லாமல் பெற்றோர்பாடமாக மாறிவிடும் என்பதை அங்கேயும் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஒன்றாம் வகுப்பு மிஸ் உண்மையில் என்ன எழுதி அனுப்பலாம்? மாதிரிக்கு ஒன்று:

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். இந்த விடுமுறையில் உங்கள் குழந்தை எழுதி முடிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஜூனில் நோட்டு, சார்ட், மாடல் எதையும் கொண்டுவர வேண்டாம். எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்றுதான். ஒரு நாளில் பத்து நிமிடம் குழந்தையிடம் கதை சொல்லுங்கள், அல்லது குழந்தை சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் பேசும் மொழியிலேயே இருக்கட்டும். வீட்டில் ஒரு சின்ன வேலையைக் குழந்தையின் வேலையாகக் கொடுங்கள்; தட்டு எடுத்து வைப்பது, பூண்டு உரிப்பது, துவைத்த துணியில் சாக்ஸை ஜோடி சேர்ப்பது மாதிரி ஏதாவது ஒன்று. வெயில் தாழ்ந்த பிறகு பெரியவர் கண்பார்வையில் ஓடி விளையாட விடுங்கள்.

வாரத்தில் நான்கு நாள் செய்ய முடிந்தால் போதும். ஊருக்குப் போயிருந்தாலும், வேலை அதிகமாக இருந்தாலும், உடம்பு சரியில்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். பிறகு ஈடுகட்ட வேண்டாம். அம்மா அப்பாதான் செய்ய வேண்டும் என்பதில்லை. தாத்தா, பாட்டி, அக்கா, பக்கத்து வீட்டு அத்தை யார் செய்தாலும் சரி.

எழுத்தும் எண்ணும் கொஞ்சம் மறந்து போகும். ஜூன் முதல் இரண்டு வாரம் அதை வகுப்பிலேயே திரும்பச் சொல்லிக்கொடுப்போம். கவலைப்பட வேண்டாம்.”

இதில் முக்கியமான வரிகள் முதலிலும் கடைசியிலும் இருக்கின்றன. எதையும் கொண்டுவர வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதாவிட்டால், பக்கத்து வீட்டுக் குழந்தை சார்ட் கொண்டுபோய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பெற்றோர் கடைக்குப் போவார்கள். விருப்பமுள்ளவர்கள் செய்யலாம் என்று எழுதினாலும் அதே கதைதான். பள்ளியிலிருந்து வரும் தாளில் அந்தச் சொல்லைக் கட்டாயம் என்றே பெற்றோர் படிக்கிறார்கள்.

மறந்துபோகும் என்ற வரி இன்னொரு பயத்துக்குப் பதில். ஒரு மாதம் எழுதாவிட்டால் பிள்ளை எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கொஞ்சம் மறப்பது உண்மைதான்; ஆங்கிலத்தில் பியும் டியும் மறுபடி திரும்பி நிற்கும், தமிழில் ணவும் னவும் குழம்பும். ஆனால் வகுப்பில் சில நாள் பழக்கினால் அது திரும்பி வந்துவிடும். வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பர், 2006-இல் வெளியிட்ட முடிவுகளில், உயர் வகுப்பு மாணவர்களுக்கு வீட்டுப்பாடத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தெளிவான தொடர்பு இருப்பதையும், தொடக்க வகுப்புகளில் அந்தத் தொடர்பு மிகப் பலவீனமாக இருப்பதையும் காட்டினார். ஆறு வயதில் எழுதாமல் விட்ட 90 பக்கத்தால் பெரிய இழப்பு எதுவும் வந்துவிடாது என்று பெற்றோரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

நடுவில் இருக்கும் மூன்று கோரிக்கைகளும் சும்மா பொழுதுபோக்குக்காக எழுதியவை அல்ல. தட்டு எடுத்து வைக்கும் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வீட்டில் ஐந்து பேர். குழந்தை ஐந்து தட்டை அடுக்கிலிருந்து எடுக்கிறது. அப்பா வர நேரமாகும் என்று அம்மா சொல்கிறாள். குழந்தை ஒன்றைத் திரும்ப வைக்கிறது, நாலு. வாசலில் மாமா வந்து நிற்கிறார், சாப்பிட்டுப் போகச் சொல்கிறார்கள். திரும்பவும் ஒன்று, ஐந்து. ஆளுக்கு ஒரு டம்ளர் என்றதும் தட்டைத் தொட்டுத் தொட்டு டம்ளரை வைக்கிறது. ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது, கூட்டல், கழித்தல், எல்லாம் இரண்டு நிமிடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. கட்டம் போட்ட நோட்டில் ஒன்று முதல் நூறு வரை எழுதும் குழந்தைக்கு எண்ணின் பெயரும் வடிவமும் பழகும். ஐந்து என்பது எத்தனை என்று தட்டு எடுத்து வைத்த குழந்தைக்குத்தான் பிடிபடும்.

பூண்டு உரிப்பதும் அப்படித்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து தோலைக் கிள்ளி இழுக்க வேண்டும். பென்சில் பிடிக்கத் தேவையான பிடியும் அதே மூன்று விரல்தான். பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவு உருட்டுவது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது, கதம்பம் கட்டும்போது பூவை எடுத்துக் கொடுப்பது என எதுவும் இதே வேலையைச் செய்யும். வலிக்கும்போது குழந்தை தானாக நிறுத்திக்கொள்ளும். பக்கம் முடிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அதற்கு அடமும் அழுகையும் தேவைப்படாது. கத்தி, அடுப்பு, அருவாமனை பக்கம் மட்டும் அந்த வயதில் விடக் கூடாது என்பதைச் சுற்றறிக்கையில் சேர்த்துவிடுவது நல்லது.

கதை சொல்லும் பத்து நிமிடத்தை வீட்டு மொழியில் கேட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. ஆங்கில வழிப் பள்ளிகளின் சுற்றறிக்கைகளில் விடுமுறையில் குழந்தையிடம் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்ற வரி அடிக்கடி வருகிறது. ஆங்கிலம் சரளமாக வராத வீட்டில் அதன் விளைவு ஒன்றுதான்: பேச்சு குறைகிறது. சாப்பிடு, உட்கார், வா, போ என்று நாலு சொல்லோடு உரையாடல் நின்றுவிடும். அதே அம்மா தன் ஊர்க் கிணற்றைப் பற்றியோ, தான் சின்ன வயதில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டதைப் பற்றியோ தமிழில் சொன்னால், முதலில் என்ன நடந்தது, அப்புறம் என்ன, ஏன் அப்படி என்று குழந்தை வரிசையாகக் கேட்கும். பின்னால் எந்த மொழியில் ஒரு பாடத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும் அந்த வரிசைதான் தேவை. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராலும் இதைக் குறையில்லாமல் செய்ய முடியும்.

செல்போன் விஷயத்தில் சுற்றறிக்கைகள் அதிகமாகத் தடுமாறுகின்றன. விடுமுறை முழுவதும் போன் கொடுக்காதீர்கள் என்று எழுதுவது சுலபம். நண்பகல் வெயிலில் குழந்தையை வெளியே விட முடியாத அக்னி நட்சத்திர நாட்களில், இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், பாட்டியின் கையில் இருக்கும் ஒரே உதவி அந்தப் போன்தான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே இரண்டு முதல் நான்கு வயதுக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் நல்லது என்றுதான் சொல்கிறது. சுத்தமாகக் கூடாது என்று எழுதினால் பெற்றோர் அந்த வரியைப் படித்துவிட்டு விட்டுவிடுவார்கள். சாப்பிடும்போதும் தூங்கப் போகும் முன்பும் வேண்டாம் என்று எழுதினால், இரண்டில் ஒன்றையாவது முயன்று பார்ப்பார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் வரும்போது கொஞ்சம் எழுத்து வேலை கொடுக்கலாம். அங்கும் பக்கத்தைக் கணக்காகச் சொல்லாமல் நேரத்தைச் சொல்வது நல்லது. தினம் இரண்டு பக்கம் என்றால் மெதுவாக எழுதும் குழந்தை அழுதுகொண்டே முடிக்க வேண்டும்; பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கு நாள், மணி ஆனதும் நோட்டை மூடலாம் என்றால் அழுகைக்கு இடமில்லை. அது வாரத்துக்கு ஒரு மணி நேரம். அரசுக் கொள்கை சொல்லும் இரண்டு மணி நேரத்தில் பாதி. நோட்டில் பெரியவர் யாரும் திருத்த வேண்டாம், தப்பு இருந்தால் அப்படியே வரட்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். குழந்தைக்கு எந்த இடத்தில் புரியவில்லை என்பதை மிஸ் அந்தத் தப்பிலிருந்துதான் கண்டுபிடிக்க முடியும். அம்மா அழித்து எழுதிய நோட்டில் அந்தத் தடயம் போய்விடுகிறது.

கற்றல் குறைபாடோ, பார்வைக் குறைபாடோ, ஆட்டிசமோ உள்ள குழந்தைக்கு இதே தாளை அனுப்பினால் சரிவராது. அந்தப் பெற்றோரிடம் மிஸ் நேரில் ஐந்து நிமிடம் பேசி, மூன்றில் எது முடியும் என்று கேட்டு அதை மட்டும் சொல்லிவிடலாம். தமிழ் படிக்காத வட மாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் இப்போது பல ஊர்ப் பள்ளிகளில் இருக்கின்றன. அவர்களுக்குத் தாளைவிட, அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் பேசி அனுப்பும் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் பயன்படும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மிஸ் செய்ய வேண்டிய வேலை மிச்சம் இருக்கிறது. நோட்டு வாங்கித் திருத்தும் வேலை இல்லாததால் முதல் வாரத்தில் அதற்கு நேரம் கிடைக்கும். குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்து, லீவில் நீ வீட்டில் என்ன வேலை செய்தாய் என்று ஒவ்வொருவரையும் கேட்கலாம். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லும் குழந்தையிடம், அப்ப நீ என்ன விளையாடினே என்று கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும்; பக்கத்தில் இருக்கும் குழந்தையோடு ஒப்பிட்டு ஒரு சொல்கூட வரக் கூடாது. பேசும்போதே மிஸ்ஸுக்குப் பல விஷயம் தெரிந்துவிடும். யார் முழு வாக்கியமாகப் பேசுகிறார்கள், யாருக்கு முன் பின் வரிசை வரவில்லை, யார் ஒரு மாதம் யாரோடும் பேசாமலே இருந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கையெழுத்து நோட்டில் அகப்படாது.

பெற்றோருக்கு ஒரு சின்ன துண்டுத் தாளும் அனுப்பலாம். மூன்றில் எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று ஒரு வரி எழுதினால் போதும். பெயர் எழுத வேண்டாம். விளையாட விட இடமில்லை என்று பத்துப் பேர் எழுதியிருந்தால், சனிக்கிழமை சாயங்காலங்களில் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்க மிஸ்ஸுக்கு ஒரு ஆதாரம் கிடைக்கிறது. கதை சொல்ல நேரமே இல்லை என்று பலர் எழுதியிருந்தால், அடுத்த ஏப்ரல் சுற்றறிக்கையில் பத்து நிமிடத்தை ஐந்தாகக் குறைத்து, தூங்கப் போகும்போது என்று நேரத்தையும் சேர்த்து எழுதலாம்.